முகப்பரு + தள்ளிப்போகும் பீரியட்ஸ்: ஸ்கேனுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க... டெஸ்ட் எப்போ தேவை, எப்போ தேவையில்லை?

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என்று குமரி மாவட்டத்தில் எந்த ஊரை எடுத்தாலும் மெயின் ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டராவது கண்ணில் படும். பக்கத்திலேயே ரத்தப் பரிசோதனை நிலையமும் இருக்கும். அதனால் மகளுக்கு முகத்தில் பரு நிறைய வருது, மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போகுது என்றால் பல வீடுகளில் முதலில் நடப்பது ஸ்கேன்தான். ரிப்போர்ட்டில் 'இரு கருப்பைகளிலும்... ' இல்லை, 'இரு சினைப்பைகளிலும் நிறைய நீர்க்கட்டிகள்' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும். "புள்ளைக்கு பிசிஓடி இருக்காம்" என்று வீடே கலங்கிவிடும். அடுத்த கவலை கல்யாணம், அதற்கடுத்தது குழந்தை.

ஆனால் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் பார்க்கவேண்டியது மாதவிடாய் தேதிகள். இரண்டாவது முகமும் உடம்பும். மூன்றாவதுதான் ரத்தப் பரிசோதனை. ஸ்கேன் கடைசியில் வருகிறது. பல பேருக்கு அது தேவையே இல்லை. ஏன் இந்த வரிசை, எந்தப் பருவுக்கு டெஸ்ட் வேணும், எதற்கு வேண்டாம், ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது? விரிவாகப் பார்க்கலாம்.

பருவுக்கும் பீரியட்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

'ஆண் ஹார்மோன்' என்று நாம் சொல்லும் ஆண்ட்ரோஜன், பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கும். சினைப்பையும், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் என்பது அந்த வகையில் முக்கியமானது. இது தோலில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடும். எண்ணெய் அதிகமாகி, முடித்துளை அடைபட்டு, உள்ளே வீங்கினால் அதுதான் பரு.

அதே ஆண்ட்ரோஜன் சினைப்பைக்குள் அளவுக்கு மீறினால், மாதாமாதம் ஒரு முட்டை முழுசாக வளர்ந்து வெளியே வரும் வேலை தடைபடும். முட்டை வெளிவராவிட்டால் மாதவிடாய் நேரத்துக்கு வராது. பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் 'நீர்க்கட்டி' மாதிரி தெரிகின்றன. அவை உண்மையான கட்டிகள் இல்லை. ஆபரேஷன் செய்து எடுக்கவேண்டியவையும் இல்லை.

இதில் இன்சுலினுக்கும் பங்கு உண்டு. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது, அதை ஈடுகட்ட கூடுதல் இன்சுலின் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை இன்னும் ஆண்ட்ரோஜன் சுரக்கச் சொல்லும். இன்னொரு பக்கம், ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகத் தயாரிக்கும். அந்தப் புரதத்தின் பெயர் எஸ்ஹெச்பிஜி. இது குறைந்தால், பிடியில்லாமல் திரியும் டெஸ்டோஸ்டிரோன் அதிகமாகும். தோலில் வேலை செய்வது அந்தப் பிடியில்லாத பங்குதான். இந்த எஸ்ஹெச்பிஜி என்ற பெயரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, ரிப்போர்ட் படிக்கும்போது திரும்ப வரும்.

எந்தப் பருவுக்கு ஹார்மோன் டெஸ்ட் வேண்டாம்?

பரு வரும் பெண்களில் பெரும்பாலானோருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். அவர்களின் எண்ணெய்ச் சுரப்பி, சாதாரண அளவு ஹார்மோனுக்கே கொஞ்சம் அதிகமாகத் துள்ளுகிறது, அவ்வளவுதான். பீரியட்ஸ் வருவதற்கு ஒரு வாரம் முன்பு தாடையில் ரெண்டு மூணு பரு வந்து, பிறகு அடங்குவது ரொம்பவே சாதாரணம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, வேண்டாத இடத்தில் முடி வளரவில்லை என்றால், அதற்கு ஹார்மோன் டெஸ்ட் தேவைப்படாது.

நம்ம ஊரில் இன்னும் இரண்டு காரணங்களைத் தனியாகப் பார்க்கணும். ஒன்று, தேங்காய் எண்ணெய். தலையில் வழிய வழிய எண்ணெய் தேய்த்துப் பள்ளிக்குப் போகும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் முடித்துளையை அடைக்கும் தன்மை கொண்டது. நெற்றியிலும் தலைமுடி ஓரத்திலும் மட்டும் பொடிப்பொடியாகப் பரு இருந்தால், முதலில் எண்ணெய் முகத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டு சில வாரம் கவனிக்கலாம்.

இன்னொன்று, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'வெள்ளையாக்கும்' கிரீம். இவற்றில் சிலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் சில நாட்கள் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு ஒரே அளவில் சிவப்புப் பருக்கள் கூட்டமாக வரும், தோல் மெலியும், வெயில் பட்டால் எரியும். கிரீமை நிறுத்தினால் பரு இன்னும் கூடும் என்பதால் மறுபடி அதையே பூசத் தோன்றும். இந்தப் பரு சினைப்பையிலிருந்து வருவது இல்லை. டாக்டரிடம் போகும்போது அந்த டியூபைக் கையோடு கொண்டுபோனாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அப்படியென்றால் சந்தேகப்படவேண்டிய பரு எது? தாடை, கன்னத்தின் கீழ்ப்பகுதி, கழுத்து ஆகிய இடங்களில் ஆழமாக, தொட்டால் வலிக்கிற மாதிரி, தழும்பு விட்டுப்போகும் பரு. வழக்கமான மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வருவது. பதின்ம வயது முடிந்து 25 தாண்டியும் நீடிப்பது. இதெல்லாம் கேள்வி கேட்கவைக்கும் அடையாளங்கள். ஆனால் பருவை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. 2023இல் வெளியான சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதலும், வளர்ந்த பெண்களிடம் பரு மட்டும் தனியாக இருந்தால் அது ஆண்ட்ரோஜன் அதிகம் என்பதற்குப் பலவீனமான அடையாளம்தான் என்கிறது. மேலுதடு, முகவாய், நெஞ்சு, அடிவயிறு ஆகிய இடங்களில் தடித்த முடி வளர்வது அதைவிட வலுவான அடையாளம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பார்லரில் போய் திரெட்டிங் செய்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனால், முகத்தில் முடியே இருக்காது. டாக்டரும் 'முடி வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிடுவார். எத்தனை நாளுக்கு ஒருமுறை திரெட்டிங் செய்கிறோம் என்பதை வெட்கப்படாமல் சொல்லிடணும். அது ஒரு மருத்துவத் தகவல்.

முதல் டெஸ்ட் காலண்டர்தான்... எப்படி எண்ணுவது?

'பீரியட்ஸ் ஒழுங்காக வரலை' என்பதற்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம். இரண்டு நாள் தள்ளிப்போனாலே பயப்படுபவர்கள் உண்டு. மூன்று மாதம் வராவிட்டாலும் 'தொல்லை இல்லை' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. மருத்துவத்தில் இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு வயதை வைத்து இல்லை, வயசுக்கு வந்து எத்தனை வருஷம் ஆனது என்பதை வைத்து.

ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை எண்ண வேண்டும். நின்ற நாளிலிருந்து எண்ணக் கூடாது.

வயசுக்கு வந்த முதல் ஒரு வருடம் எப்படி வந்தாலும் அது வளர்ச்சியின் பகுதி. ஒரு வருடம் முடிந்து மூன்று வருடம் வரை, 21 நாளுக்கும் 45 நாளுக்கும் இடையில் வந்தால் சரிதான். மூன்று வருடம் தாண்டிய பிறகு 21 முதல் 35 நாள் வரை சரி. 35 நாளைத் தாண்டித் தாண்டிப் போனாலோ, வருடத்துக்கு 8 முறைக்கும் குறைவாக வந்தாலோ அது ஒழுங்கற்ற மாதவிடாய். முதல் வருடத்துக்குப் பிறகு எந்த ஒரு இடைவெளியும் 90 நாளைத் தாண்டக் கூடாது. 15 வயது முடிந்தும் வயசுக்கு வரவில்லை என்றாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

90 நாள் என்பதற்குக் காரணம் உண்டு. முட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் இப்படியே விட்டால் அந்தச் சுவரில் வேண்டாத மாற்றங்கள் வரும் ஆபத்து கூடுகிறது. "கல்யாணம் களிஞ்சா எல்லாம் செரியாவும்" என்று தள்ளிப்போடுவதில் இருக்கும் உண்மையான இழப்பு இதுதான்.

ஸ்கேன் ஏன் குழப்புகிறது?

பிசிஓஎஸ் என்று சொல்வதற்கு மூன்று விஷயங்களில் இரண்டு இருக்க வேண்டும். ஒழுங்கற்ற மாதவிடாய் ஒன்று. ஆண்ட்ரோஜன் அதிகம் என்பதற்கான அடையாளம், உடம்பிலோ ரத்தத்திலோ, இரண்டாவது. ஸ்கேனில் சினைப்பை அப்படித் தெரிவது, அல்லது ஏஎம்ஹெச் என்ற ரத்த அளவு கூடியிருப்பது மூன்றாவது. இதோடு, இதே மாதிரி தோற்றம் தரும் வேறு நோய்கள் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். ஆக, ஸ்கேன் மட்டும் வைத்துப் பிசிஓஎஸ் என்று சொல்லவே முடியாது.

இளம்பெண்களுக்கு விதி இன்னும் கடுமையானது. வயசுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை, ஸ்கேனையும் ஏஎம்ஹெச்சையும் வைத்துப் பிசிஓஎஸ் முடிவு செய்யக் கூடாது என்கிறது 2023 வழிகாட்டுதல். காரணம் எளிமையானது. அந்த வயதில் ஆரோக்கியமான பெண்ணின் சினைப்பையிலும் நிறைய முட்டைப் பைகள் இருக்கும். 16 வயதுப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்து 'நீர்க்கட்டி நிறைய இருக்கு' என்பது, அந்த வயதுக்கு இயல்பான ஒன்றை நோய் என்று சொல்வதாகக்கூட இருக்கலாம். இந்த வயதில் ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் அடையாளம் என்ற இரண்டுமே இருந்தால்தான் பிசிஓஎஸ். அந்த இரண்டும் இருந்துவிட்டால் எந்த வயதிலும் முடிவுக்கு வர ஸ்கேன் தேவையில்லை.

விதியை மாற்றினால் எண்ணிக்கை எவ்வளவு மாறும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவில், 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்களிடம் நாட்டின் பல பகுதிகளில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2024இல் வெளியாயின. மாதவிடாய்க் கோளாறும் ஆண்ட்ரோஜன் அதிகமும் இரண்டுமே இருக்கவேண்டும் என்ற பழைய விதியில் 7.2 சதவீதம் பேருக்குப் பிசிஓஎஸ். ஸ்கேனையும் சேர்த்து மூன்றில் இரண்டு போதும் என்ற விதியில் 19.6 சதவீதம். பெண்கள் அதே பெண்கள்தான், கணக்கெடுத்த விதம்தான் வேறு. ஊரெல்லாம் 'பிசிஓடி' என்ற பேச்சு கேட்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பயமும் வீடுகளில் உண்டு. கல்யாணமாகாத பெண்ணுக்கு உள்வழி ஸ்கேன் எடுப்பார்களோ என்பது. தேவைப்பட்டால் சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில் வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் எடுக்கலாம். அதில் சினைப்பையின் கன அளவு 10 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேலா என்று பார்ப்பார்கள்.

இரண்டு பெண்கள், இரண்டு முடிவுகள்: ஒரு உதாரணம்

விதிகளை நிஜ வாழ்க்கையில் பொருத்திப் பார்த்தால் எளிதாகப் புரியும். இவை புரிந்துகொள்வதற்காகச் சொல்லும் உதாரணங்கள்.

முதலில், குளச்சல் பக்கம் 15 வயது மாணவி. வயசுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாதவிடாய் 30, 42, 36 நாட்கள் என்று மாறி மாறி வருகிறது. நெற்றி முழுக்கப் பொடிப் பரு. வேண்டாத முடி வளர்ச்சி இல்லை. 45 நாள் வரை இந்த வயதில் சரி என்று மேலே பார்த்தோம். ஆகவே இவருக்கு ஹார்மோன் டெஸ்ட்டும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பருவுக்கு மட்டும் சிகிச்சை. தேதிகளைக் குறித்துக்கொண்டே வரலாம்.

அடுத்து, தக்கலை பக்கம் 20 வயது கல்லூரி மாணவி. 13 வயதில் வயசுக்கு வந்தவர், ஆக 7 வருடம் ஆகிவிட்டது. கடந்த வருடம் மாதவிடாய் வந்த தேதிகள்: ஜனவரி 4, மார்ச் 2, ஏப்ரல் 21, ஜூலை 10, செப்டம்பர் 3, அக்டோபர் 30. இடைவெளிகளை எண்ணினால் 57, 50, 80, 55, 57 நாட்கள். வருடத்துக்கு 6 முறைதான். தாடையில் ஆழமான பரு, தழும்புகள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை முகவாயில் திரெட்டிங். ஆள் ஒல்லிதான். "ஒல்லியா இருக்கே, உனக்கு எப்படி பிசிஓடி வரும்?" என்று தோழிகள் கேட்கிறார்கள். ஒல்லியானவர்களுக்கும் வரும்.

இவருக்கு டெஸ்ட் கண்டிப்பாக வேண்டும். பிசிஓஎஸ் என்று முத்திரை குத்துவதைவிட, இதே அடையாளத்தோடு ஒளிந்திருக்கும் மற்றவற்றைக் கண்டுபிடிப்பதுதான் அந்த டெஸ்ட்டின் முதல் வேலை. மாதவிடாய் தள்ளிப்போய் வரும் யாருக்கும் முதலில் கர்ப்பப் பரிசோதனை கேட்பார்கள். அது சந்தேகப்பட்டு இல்லை, நடைமுறை. பிறகு தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் குறைபாட்டைக் கண்டறிய 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன். இதோடு டெஸ்டோஸ்டிரோனும் எஸ்ஹெச்பிஜியும்.

ஜனவரி 1ஆம் தேதி மாதவிடாய் வந்தது, 3ஆம் தேதி காலை ரத்தம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். டிஎஸ்ஹெச் 2.4, புரோலாக்டின் 14. இரண்டும் சரி. 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், மில்லிலிட்டருக்கு 0.9 நானோகிராம். இது 2க்குக் கீழே இருப்பதால் அட்ரீனல் குறைபாடு இருக்க வாய்ப்பு குறைவு. 2க்கு மேல் இருந்திருந்தால் அடுத்தகட்டப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கான சிகிச்சை வேறு.

டெஸ்டோஸ்டிரோன், டெசிலிட்டருக்கு 52 நானோகிராம். ஆய்வகம் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் இருப்பதால் 'நார்மல்' என்றே ரிப்போர்ட் சொல்லும். பல பேர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். எஸ்ஹெச்பிஜி 18 என்று வந்திருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை எஸ்ஹெச்பிஜி இருக்கும் அதே அலகுக்கு மாற்ற, 52ஐ 28.8ஆல் வகுத்தால் 1.8 கிடைக்கும். அதை 18ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 10. இதற்கு ஃப்ரீ ஆண்ட்ரோஜன் இண்டெக்ஸ் என்று பெயர். பொதுவாக 5ஐத் தாண்டினால் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதே 52 உள்ள இன்னொரு பெண்ணுக்கு எஸ்ஹெச்பிஜி 60 இருந்தால் கணக்கு 3 என்றுதான் வரும். ஒரே டெஸ்டோஸ்டிரோன், ஆனால் ஒருவர் தோலில் அது மூன்று மடங்குக்கும் மேல் வேலை செய்கிறது. எஸ்ஹெச்பிஜி இல்லாமல் டெஸ்டோஸ்டிரோன் மட்டும் எடுத்தால் இது தெரியாமலே போகும்.

ஆக, ஒழுங்கற்ற மாதவிடாய் உறுதி, ஆண்ட்ரோஜன் அதிகம் உறுதி, மற்ற காரணங்கள் இல்லை. ஸ்கேன் எடுக்காமலேயே பிசிஓஎஸ் என்று சொல்லியாச்சு.

இதோடு முடியவில்லை. பிசிஓஎஸ் உறுதியான எல்லோருக்கும், ஒல்லியாக இருந்தாலும், சர்க்கரைப் பரிசோதனை வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பது. நம்ம மாணவிக்கு வெறும் வயிற்றில் 94. நல்லாத்தான் இருக்கு. ஆனால் 2 மணி நேரம் கழித்து 152. 140க்கும் 199க்கும் இடையில் வந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்திருந்தால் 'ஒண்ணுமில்லை' என்று வீட்டுக்குப் போயிருப்பார். முகப்பருவுக்காகப் போன இடத்தில், 20 வயதிலேயே தெரிந்துகொண்ட மிக முக்கியமான விஷயம் இதுதான். ரத்த அழுத்தம், கொழுப்பு அளவும் கூடவே பார்ப்பார்கள். சர்க்கரைப் பரிசோதனையை 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

டெஸ்ட் முடிவைக் கெடுக்கும் நாலு விஷயங்கள்

முதலாவது, ஹார்மோன் மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைப் பருவுக்காகவும் பீரியட்ஸை ஒழுங்குபடுத்தவும் கொடுப்பது உண்டு. அதைச் சாப்பிடும்போது எஸ்ஹெச்பிஜி ஏறிவிடும், டெஸ்டோஸ்டிரோன் இறங்கிவிடும். அந்த நேரத்தில் டெஸ்ட் எடுத்தால் எல்லாம் நார்மல் என்று வரும். நம்பகமான முடிவுக்கு மாத்திரையை நிறுத்தி 3 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே டெஸ்ட் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். மாத்திரையில் மாதாமாதம் வரும் ரத்தப்போக்கை வைத்து 'சரியாயிடுச்சு' என்றும் நினைக்கக் கூடாது. அது மாத்திரையால் வருவது. ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

இரண்டாவது, முடி வளர்ச்சிக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. சில ஆய்வகக் கருவிகள் வேலை செய்யும் முறையிலேயே பயோட்டின் குறுக்கிடும். அதனால் தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் அளவுகள் பொய்யாக ஏறியோ இறங்கியோ வரலாம். சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லி, டெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, புரோலாக்டின். இது பதற்றத்திலும் தூக்கக் குறைவிலும்கூட லேசாக ஏறும். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், சில மனநல மருந்துகள் ஆகியவையும் ஏற்றும். லேசாகக் கூடியிருந்தால் பயப்படாமல், ஓய்வாக உட்கார்ந்துவிட்டு இன்னொரு நாள் திரும்ப எடுப்பதுதான் வழக்கம்.

நான்காவது, நாளும் அலகும். மாதவிடாயின் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள், காலை நேரத்தில் எடுப்பது நல்லது. மாதவிடாய் ரொம்ப நாளாக வரவே இல்லை என்றால் காத்திருக்காமல் ஒரு காலையில் எடுக்கச் சொல்வதும் உண்டு. நம்ம மாவட்டத்தில் ஒரு டெஸ்ட் நாகர்கோவிலிலும், அடுத்தது களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்திலும் எடுப்பவர்கள் அதிகம். இரண்டு ஆய்வகங்கள் வேறு வேறு அலகில் கொடுத்தால் 0.52, 52, 1.8 என்று மூன்று எண்களும் ஒரே அளவைக் குறிக்கலாம். 'ஏறிடுச்சு, இறங்கிடுச்சு' என்று சொல்வதற்கு முன் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்க.

காசு மிச்சம்: எதெல்லாம் தேவையில்லை?

'பிசிஓடி பேக்கேஜ்' என்று ஒன்றாகக் கட்டி விற்கும் பட்டியலில் சில டெஸ்ட்கள் முடிவை மாற்றாது. வெறும் வயிற்று இன்சுலின் அளவை வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்கிறது வழிகாட்டுதல். அளவிடும் முறையே நம்பகமாக இல்லை. சர்க்கரைப் பரிசோதனைதான் வேண்டியதைச் சொல்லும். எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் விகிதம் ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது, இப்போதைய விதிகளில் அதற்கு இடமில்லை. ஏஎம்ஹெச் வளர்ந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாகப் பயன்படும், ஆனால் அது மட்டுமே வைத்து முடிவு செய்ய முடியாது.

இதெல்லாம் இருந்தால் காத்திருக்காதீங்க

பிசிஓஎஸ் மெதுவாக, வருடக்கணக்கில் வெளிப்படும். சில மாதங்களுக்குள்ளேயே முடி வேகமாக வளர்ந்து, குரல் கனத்து, உச்சந்தலையில் முடி கொட்டத் தொடங்கினால் அது வேறு. சினைப்பையிலோ அட்ரீனலிலோ ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டி இருக்கலாம். அது அரிது, ஆனால் உடனே பார்க்க வேண்டியது. டெஸ்டோஸ்டிரோன் 150, 200 என்று போனாலும் இப்படித்தான்.

குழந்தை இல்லாத நிலையில் மார்பில் பால் கசிவது, கூடவே தலைவலி, பார்வை மங்குவது ஆகியவை மூளையின் பிட்யூட்டரி சுரப்பியைப் பார்க்கச் சொல்லும். முகம் உருண்டையாகி, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் அகலமாக விழுந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போனால் கார்ட்டிசால் அதிகமா என்று பார்க்க வேண்டும். மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ பெயர் தெரியாத பொடி, மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லணும். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம்.

யாரிடம் போவது, என்ன கொண்டுபோவது?

தோல் டாக்டரிடம் போனாலும், மகளிர் மருத்துவரிடம் போனாலும் ஆரம்பிக்கலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டு துறைகளையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம். தோல் டாக்டர் பருவை மட்டும் பார்த்தும், மகளிர் மருத்துவர் மாதவிடாயை மட்டும் பார்த்தும் அனுப்பிவிட வாய்ப்பு இருப்பதால், இரண்டையும் இரண்டு பேரிடமும் நாமே சொல்லிவிடுவது நல்லது.

பருவுக்கான சிகிச்சை டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகளை டாக்டர் சொல்படி அன்றே தொடங்கலாம். பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கர்ப்பத்தில் குழந்தைக்குப் பெரும் பாதிப்பு தரும். அடாபலீனும் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியது. கல்யாணமானவர்கள், கல்யாணம் நிச்சயமானவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிசிஓஎஸ் உறுதியானால், குழந்தை வேண்டுமா, இப்போதைக்கு வேண்டாமா என்பதைப் பொறுத்தே மாத்திரை மாறும். முட்டை வெளிவருவது தாமதமாகும் என்பதுதான் இதன் அர்த்தம். குழந்தையே பிறக்காது என்பது இல்லை.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: வயசுக்கு வந்த வயது, கடந்த 12 மாதத்தில் மாதவிடாய் தொடங்கிய தேதிகள், சாப்பிடும் மாத்திரைகளும் பூசும் கிரீம்களும், எத்தனை நாளுக்கு ஒருமுறை திரெட்டிங், அம்மா வழியிலும் அப்பா வழியிலும் சர்க்கரை நோயோ பிசிஓஎஸ்ஸோ உண்டா என்ற விவரம். தேதிகள் ஞாபகம் இல்லை என்றால் இன்றிலிருந்து போனிலோ, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரிலோ குறிக்கத் தொடங்குங்க. மூன்று வருடம் தாண்டியவர்களுக்கு 35 நாளைத் தாண்டிய இடைவெளி திரும்பத் திரும்ப வந்தால், அல்லது ஒருமுறை 90 நாளைத் தாண்டினால், அந்தக் காலண்டரோடு டாக்டரைப் பாருங்க.